வாய்க்கால் கூட்டத்துக்கு நாற்காலி போட்டது

அருமனை ரப்பர் தோட்டத்தில் வேலை நின்றுபோய், வேறு வேலை தேடிக் கொட்டாரம் என்ற ஊரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விவசாயிகளின் கூட்டம். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட அன்றே முடிவெடுக்க வேண்டும். கடைமடையில் நெல் கருகிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டால் சோறு உண்டு என்றார் அங்கே ஜெபம் நடத்தும் உபதேசியார். நின்றுவிட்டேன்.

முதலில் கிறிஸ்தவக் கோயிலில் போடுவதுபோல் வரிசையாகப் போட்டேன். உபதேசியார் முன்னால் வந்து கைகூப்பி நின்றதும் அத்தனை பேரும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"ஜெபம் இல்ல, வே! வாயத் தொறந்து பேசும்!" என்று கத்தினார்.

வட்டமாக மாற்றினேன். நாற்பது பேருக்கு வட்டம் சுவரைத் தொட்டது. இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கவில்லை. கூச்சல்தான் மிச்சம்.

கடைமடையில் வயல் வைத்திருந்த ஒரு அம்மாள் எழுந்தார். "பத்துப் பேருக்கு வட்டம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கும். இங்க அஞ்சஞ்சு பேரா உக்காருங்க. ஒவ்வொண்ணுலயும் தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் மூஞ்சிக்கு மூஞ்சி இருக்கட்டும்."

ஓடி ஓடிப் போட்டேன். எட்டுக் கும்பலிலும் பேச்சு பற்றிக்கொண்டது.

"எவ்வே, என் நாத்தைப் பாத்தீரா?" என்றார் ஒரு கடைமடைக்காரர்.

"பாத்தேன்வே, பாத்தேன்!"

பிறகு கும்பலுக்கு ஒருவராக நடுவில் சின்ன வட்டமாக உட்கார்ந்தார்கள். முதல் முறை கடைமடைக்கு என்று முடிவானதும் கூடமே ஆரவாரித்தது.

ஆனால் மடை திறக்க உள்ளூர்க்காரன் எவனையும் யாரும் நம்பவில்லை. எனக்கு அங்கே வயலும் இல்லை, உறவும் இல்லை. மறுநாள் காலை மண்வெட்டியோடு மடையில் நின்றேன்.