அம்மாவின் போனில் கிடந்த சாம்பல் பெட்டி

கொட்டாஞ்சேனை வீட்டில் தங்கச்சியின் கணவன் முதலில் அவளுடைய கழுத்தை நெரித்தான். பிறகு அவளுடைய போனைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினான். இரண்டுக்கும் நடுவில் அவள் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு, கழுத்தைப் படமெடுத்து, வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள்.

பத்து நாள் கழித்துப் பையோடு அவள் எங்களிடம் வந்து சேர்ந்தபோது கழுத்தில் மஞ்சள் நிழல் மட்டும் எஞ்சியிருந்தது. படியில் விழுந்தாள் என்று அவன் பொலிசில் சொல்லிவிட்டான். அவன் அவளை நெருங்காமல் தடுக்க நீதிமன்ற உத்தரவு வாங்கலாம், ஆனால் அந்தப் படம் வேண்டும் என்றார் சட்டத்தரணி.

"படம் எனக்கு வரேல்லை தம்பி. வெறும் பெட்டி ஒண்டுதான் வந்தது" என்றார் அம்மா என்னிடம். "அவன் போனை உடைக்க, உள்ளுக்குக் கிடந்த படமும் போயிட்டுது."

"பெட்டி இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு. வெறும் பெட்டியளை நான் வைச்சிருக்கிறேல்லை, அழிச்சுப்போடுவன். இடத்தை எல்லே அடைக்குது. இது பிள்ளை அனுப்பினதெண்டு விட்டனான்."

காலை வணக்கப் பூக்கள், கோயில் தேர், கனடாக் கலியாணங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, இடம் போதாமல் திறக்காத பெட்டிகளை மட்டும் அவர் தூக்கி எறிந்து வந்திருக்கிறார். போனை வாங்கிப் பார்த்தேன். சாம்பல் சதுரம், நடுவில் கீழ்நோக்கிய அம்பு. அழுத்தினேன். இடமில்லை என்றது.

"அம்மா, கனடாவில இருந்து பார்சல் வந்தால் வீட்டுக்கு என்ன வரும்?"

"தபால் கந்தோர்த் துண்டு. அதைக் காட்டித்தான் பார்சலை எடுக்கவேணும்."

"இதுவும் துண்டுதான். படம் அவளின்ர போனில இல்லை, கொம்பனிக்காரன்ர கொம்பியூட்டரில கிடக்கு. போன் உடைஞ்சாலும் அதுக்கு ஒண்டும் ஆகாது. ஆனால் துண்டை எறிஞ்சால் எடுக்கேலாது. கனநாள் விட்டால் அவங்களும் எறிஞ்சுபோடுவாங்கள்."

"அப்ப ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

"வைக்க இடமில்லை. உங்கட வீடு நிரம்பி வழியுது."

அப்போது எங்கள் மாடி வீட்டு வாசலில், திறந்திருந்த மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கேற் அதிர்ந்தது. அவன் ஹெல்மெற்றால் கம்பிகளில் அடித்துக்கொண்டிருந்தான். தங்கச்சி அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது, எட்டிப்பார்த்தது, மூடிக்கொண்டது.

"மாமி, அவளை வெளியில விடுங்கோ! இல்லாட்டி உள்ளுக்கு வந்து கொல்லுவன்!"

அம்மா என் கையிலிருந்து போனை இழுத்தார். ஆகப் பெரிய கோப்பு எது என்று கேட்டார். காட்டினேன். தங்கச்சியின் கலியாண வீடியோ.

"அழி."

"அம்மா..."

"அழியடா!"

அழித்தேன். மறுபடி அம்பைத் தொட்டேன். வட்டம் சுற்றியது. சாம்பல் விலகிக் கழுத்து தெரிந்தது. இரண்டு பக்கமும் விரல்கள் பதிந்த கருநீலம், பெருவிரல் குரல்வளையில். என் போனுக்கு அனுப்பி, அதில் திறந்து பார்த்தேன். வந்திருந்தது.

அதற்குள் அம்மா தன் போனை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போய்விட்டார். அவன் கம்பிக்குள்ளால் கை விட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். நெற்றி இரும்பில் மோதியது. இன்னொரு முறை இழுத்தான். நான் மரக்கதவை அவனுடைய முழங்கையில் ஓங்கி அடித்துச் சாத்தினேன். எலும்பு மரத்தில் பட்ட சத்தம் கேட்டது. கத்திக்கொண்டு அம்மாவின் கையை விட்டான்.

"படம் இந்தக் கிழவியின்ர போனிலதான் கிடக்கு மச்சான். எனக்குத் தெரியும். தாங்கோடா!"

அம்மா என்னை விலக்கிக் கதவைத் திறந்தார். புருவத்தால் இரத்தம் இறங்கிக் கன்னத்தில் ஓடியது. போனைக் கம்பிக்குள்ளால் நீட்டினார்.

"இந்தாங்கோ. உடையுங்கோ."

மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை அப்போதும் குறையவில்லை. அவன் பறித்துப் படிக்கட்டு விளிம்பில் அடித்தான். கண்ணாடி சிதறியது. பிறகு காலால் மிதித்தான். ஒரு முறை அல்ல, மூச்சு வாங்கும்வரை. கையைத் தாங்கியபடி இறங்கிப் போனான். வேலை முடிந்த மனிதனின் நடை.

அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கடற்கரைப் பக்கம் தேய்ந்த பிறகு, அம்மா கேட்டார்:

"உன்னட்டைக் கிடக்குத்தானே?"

"ஓம்."

தங்கச்சி ஈரத் துவாயோடு ஓடிவந்தாள். அம்மா அவளுடைய கையைத் தட்டிவிட்டார். நெற்றியை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"பொறு பிள்ளை, துடைக்காதை. தம்பி, முதல்ல இதைப் படம் எடு. எடுத்து உடனே அந்தச் சட்டத்தரணிக்கு அனுப்பு. அவருக்கும் பெட்டிதான் வருதெண்டால், இடம் பண்ணச் சொல்லு."