பதினாறு நாள் மேஜைக்குள் கிடந்த கடிதம்

சட்டைப் பையில் ஆறங்குல ஸ்கேல் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறவர் என்பதால் அவரை எல்லோரும் ஸ்கேல் சார் என்றார்கள். எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் உதவியாளர். யாருக்கு எப்போது பதவி உயர்வு, யார் யாரைவிட சீனியர் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். பணிமூப்புப் பட்டியலில் அவர் முப்பத்தொன்றாவது. முப்பத்திரண்டாவது ஆள் மாப்ளே.

மாப்ளேயும் அவரும் ஒரே நாளில், ஒரே மணியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எதிரே வருகிறவர் வாட்ச்மேனாக இருந்தாலும் மேலதிகாரியாக இருந்தாலும் "என்ன மாப்ளே" என்பான். அதனால் அவனுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேலதிகாரிகூட கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் ஸ்கேல் சாருக்குப் புரியாத கணக்கு. தான் பத்து நிமிடம் முன்னால் வருகிறோம், ஒரு ஃபைலைக்கூடத் தேங்கவிடுவதில்லை. ஆனால் கேன்டீனுக்குள் நுழைந்தால் யாரும் நகர்ந்து இடம் கொடுப்பதில்லை. அவன் நுழைந்தால் நாலு பெஞ்சிலிருந்து நாலு கை கூப்பிடுகிறது.

வீட்டிலும் நிம்மதியில்லை. "உங்க ஃப்ரெண்டைப் பாருங்க, வீட்டுக்கு வந்தா சமையலறை வரைக்கும் வந்து நலம் விசாரிக்கிறாரு. நீங்க உங்க தங்கச்சி வீட்டுக்குப் போனாக்கூட பேப்பர் படிச்சுட்டு வர்றீங்க" என்பாள் மனைவி. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்கு நெஞ்சில் முள் தைத்தது.

ஒரு மாதம் மூன்றாம் தேதி அந்தக் கடிதம் வந்தது. தலைமைப் பயிற்சி நிலையத்திலிருந்து. இரண்டு மாதப் பயிற்சிக்கு மாப்ளே தேர்வாகியிருக்கிறான், பதினைந்தாம் தேதிக்குள் சம்மதம் அனுப்ப வேண்டும். அந்தப் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் கண்காணிப்பாளர் பதவி சீக்கிரம் வரும். ஸ்கேல் சார் போன வருடமே விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்.

கடிதத்தை இரண்டு முறை படித்தார். மேஜையின் இரண்டாவது இழுப்பறையில், பழைய விடுப்பு விண்ணப்பங்களுக்கு அடியில் வைத்தார். நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதல் நாள் நினைத்தார். மறுநாள் மாப்ளே அவர் மேஜை மேல் கையூன்றி நின்று, "என்ன ஸ்கேலு, முகம் வாடிக் கிடக்கு? வா, டீ சாப்பிடலாம்" என்றான். போனார். டீயும் குடித்தார். கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பத்தொன்பதாம் தேதி, இனி ஒன்றும் ஆகாது என்றான பிறகு, கடிதத்தை எடுத்து ஃபைலில் சேர்த்து மேலே அனுப்பினார்.

மாப்ளே புகார் செய்யவில்லை. "போனா போகுது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். பயிற்சி நிலையம்தான் விடவில்லை. ஏன் பதிலே அனுப்பவில்லை என்று விளக்கம் கேட்டு எழுதியது. மேலிருந்து கேள்வி வந்ததும் அலுவலகத் தலைவர் தபால் பதிவேட்டில் அந்த வரியின் நகலை வரவழைத்துப் பார்த்தார். அடுத்த வாரம் ஸ்கேல் சார் கையில் குற்றச்சாட்டு மெமோ வந்தது.

எத்தனை பேருக்கு அவர் கையாலேயே மெமோ டைப் செய்து அனுப்பியிருப்பார்! தன் பெயர் போட்ட ஒன்றைக் கையெழுத்திட்டு வாங்கியபோது எழுத்து கோணிக்கொண்டது. குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, கடிதத்தை உள்நோக்கத்தோடு பதினாறு நாள் முடக்கினார். இரண்டு, அதை மறைக்கத் தபால் பதிவேட்டில் "3" என்ற தேதியை "13" என்று திருத்தினார். கூடவே குற்றச்சாட்டின் விவரம், ஆவணங்களின் பட்டியல், சாட்சிகளின் பட்டியல். பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும்.

சாட்சிப் பட்டியலில் இரண்டாவது பெயர் மாப்ளே.

மனைவியின் சித்தப்பா வேறொரு துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். விசாரணையில் துணைக்கு உட்கார ஓய்வுபெற்ற அரசு ஊழியரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. மெமோவைப் பார்த்ததும் சித்தப்பாவுக்கு இளமை திரும்பிவிட்டது.

"மாப்பிள்ளை, ரெண்டையும் மறுத்து எழுதுங்க. வேலைப்பளு, கவனக்குறைவு, அவ்வளவுதான். உள்நோக்கம்னு அவங்கதான் நிரூபிக்கணும். மனசுக்குள்ள இருக்கறதுக்கு எந்த ரிஜிஸ்டர்ல என்ட்ரி இருக்கு?"

"ரெண்டாவது நான் செய்யவே இல்ல மாமா."

"அப்போ முதலாவது?"

ஸ்கேல் சார் மெமோவை மடித்து உறைக்குள் வைத்தார். சித்தப்பா மறுபடி கேட்கவில்லை. இரண்டையும் மறுத்துப் பதில் போனது.

மெமோ கொடுத்தவரே விசாரிக்கவும் உட்கார்ந்தால் நன்றாயிராது என்று வேறொரு ஊர் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாளை விசாரணை அதிகாரியாகப் போட்டார்கள். அவர் அதுவரை ஸ்கேல் சாரையும் பார்த்ததில்லை, மாப்ளேயையும் பார்த்ததில்லை. கூட்ட அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் துறையின் தரப்பை எடுத்துவைக்கும் அலுவலர், எதிர்ப்பக்கம் ஸ்கேல் சாரும் சித்தப்பாவும், கோடியில் ஒரு டைப்பிஸ்ட்.

முதல் அமர்விலேயே சித்தப்பா எழுந்தார். "மேடம், எங்களுக்குக் கொடுத்திருக்கறது பதிவேட்டோட ஒரே ஒரு வரியோட ஜெராக்ஸ். அசலைப் பாக்கணும்."

"நகல் தெளிவாத்தானே இருக்கு" என்றார் துறைத் தரப்பு அலுவலர்.

விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டார். "ஒருத்தர் மேல பழி சொல்றோம். எதை வெச்சு சொல்றோமோ அதை அவர் கண்ணால பாக்க வேண்டாமா? அவருக்குக் காட்டாத காகிதத்தை நானும் பாக்க மாட்டேன். அசலைக் கொண்டுவாங்க."

அடுத்த அமர்வில் பதிவேடு வந்தது. திறந்து வைத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் எல்லாத் தேதிக்கும் முன்னால் பென்சிலில் ஒரு சின்னக் கோடு. தபால் பிரிவு அம்மாள் முதல் சாட்சி. குறுக்கு விசாரணையில் சித்தப்பா கேட்டார்.

"இந்தக் கோடெல்லாம் யார் போட்டதும்மா?"

"நான்தாங்க. சாயங்காலம் எண்ணிப் பாத்து டிக் அடிப்பேன்."

"மூணுக்கு முன்னால இருக்கறதும் உங்க கோடுதானா?"

"ஆமாங்க. ஜெராக்ஸ்ல ஒண்ணு மாதிரி தெரியுது. யாரும் என்னைக் கேக்கவே இல்லையே."

டைப்பிஸ்ட் அதை வார்த்தைக்கு வார்த்தை அடித்தார். சித்தப்பா மேஜைக்கடியில் ஸ்கேல் சாரின் தொடையைத் தட்டினார். பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூன்றாவது அமர்வில் மாப்ளே. அறைக்குள் வரும்போதே டைப்பிஸ்டைப் பார்த்துத் தலையசைத்தான். அந்தப் பெண்ணும் பதிலுக்குச் சிரித்தாள். விசாரணை அதிகாரிகூட "உக்காருங்க, ஃபேன் பக்கம் உக்காருங்க" என்றார். மூன்று அமர்வாக வேர்த்துக்கொண்டிருந்த ஸ்கேல் சாரிடம் அவர் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. இங்கேயுமா என்று இவருக்கு வயிறு எரிந்தது. தன் வேலை ஊசலாடிக்கொண்டிருக்கும் இடத்தில், மின்விசிறிக் காற்றுக்குப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

துறைத் தரப்பு கேட்டதற்கெல்லாம் உள்ளபடி சொன்னான். கடிதம் வந்தது தனக்குத் தெரிந்தது பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகுதான் என்றான். சித்தப்பா முறை வந்தது.

"உங்களுக்கும் இவருக்கும் முன்விரோதம் ஏதாவது உண்டா?"

"ஐயய்யோ, எங்களுக்கா? ஒரே நாள்ல சேந்தவங்க சார். பத்தொன்பது வருஷமா ஒண்ணா டீ குடிக்கிறோம்."

"இவர் வேணும்னே உங்க கடிதத்தை மறைச்சிருப்பார்னு நினைக்கிறீங்களா?"

"சத்தியமா இல்லை. இவன் அப்படிப்பட்ட ஆளே இல்லை. வேலை ஜாஸ்தி, பாவம், மறந்திருப்பான்."

பாவம். அந்த ஒரு சொல் ஸ்கேல் சாரைச் சுட்டது. சித்தப்பா வெற்றியோடு உட்கார்ந்தார். மாப்ளே வெளியே போகும்போது இவர் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனான்.

துறைத் தரப்பு முடிந்தது. தன் பக்கம் சாட்சி இல்லை என்று ஸ்கேல் சார் எழுதிக் கொடுத்தார். கடைசியாக விசாரணை அதிகாரி, "உங்களுக்கு எதிரா வந்திருக்கற சாட்சியங்களைப் பத்தி நீங்க என்ன சொல்ல விரும்பறீங்க?" என்று கேட்டார். பேசாமல் "ஒன்றுமில்லை" என்றால் போதும். சித்தப்பா அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஆனால் அப்படித் தப்பித்தால் வாழ்நாள் முழுக்க அவன் போட்ட பிச்சையில் உத்தியோகம் பார்க்க வேண்டும். அவன் நல்லவன், அவன் தயவால் பிழைத்தவன் நான். மறுபடி அவன் ஜெயித்துவிடுவான். அதை அவரால் பொறுக்க முடியவில்லை. உண்மை பேசும் ஆசையைவிட அந்த ஆத்திரம்தான் அவரை எழுப்பிவிட்டது.

"பதிவேட்டை நான் திருத்தலை மேடம். ஆனா கடிதத்தை மறக்கலை. தெரிஞ்சேதான் வெச்சிருந்தேன்."

சித்தப்பா கையைப் பிடித்து இழுத்தார். டைப்பிஸ்டின் விரல்கள் நின்றன.

விசாரணை அதிகாரி உடனே எழுதவில்லை. "உங்களை யாராவது இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லை."

"இதால என்ன ஆகும்னு தெரியுமா?"

"இருபது மெமோ என் கையால போட்டிருக்கேன் மேடம். தெரியும்."

"இருந்தாலும் இப்ப எழுதிக்க மாட்டேன். வீட்டுக்குப் போங்க. உங்க துணையாளரோட பேசுங்க. நாளைக்குப் பத்து மணிக்கும் இதையே சொல்றதா இருந்தா, உங்க கைப்பட எழுதிக் கொடுங்க."

வீட்டில் சித்தப்பா கத்தித் தீர்த்தார். மனைவி மட்டும் கேட்டாள்: "ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"அவனை எனக்குப் பிடிக்காது."

"அவரு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினாரு?"

யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட அகப்படவில்லை. "அதுதான்" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். முதல் குற்றச்சாட்டு நிரூபணம், இரண்டாவது நிரூபணமாகவில்லை என்று அறிக்கை வந்தது. அதன் நகலை அவருக்கே அனுப்பி, சொல்ல ஏதாவது இருந்தால் பதினைந்து நாளில் சொல்லலாம் என்று கேட்டிருந்தார்கள். "ஏதுமில்லை" என்று எழுதினார். இரண்டு வருடத்துக்கு இன்க்ரிமென்ட் நிறுத்தம் என்று ஆணை வந்தது; பிரிவையும் மாற்றி ஆவண அறைக்குப் போட்டார்கள். மேல்முறையீடு செய்யச் சொல்லி சித்தப்பா தலைகீழாக நின்று பார்த்தார். அவர் செய்யவில்லை.

ஆணை வந்த அன்று மாடிப்படியில் மாப்ளே வழிமறித்தான். முகத்தில் சிரிப்பில்லை.

"நிஜமாவே நீதானா?"

"ஆமா."

"எதுக்குடா?"

"உன்னைப் பாத்தா எனக்கு ஆகாது. இன்னிக்கு நேத்து இல்லை."

"உனக்காக நான் உள்ள சத்தியம் பண்ணினேன்" என்றான் மாப்ளே. இந்தத் தடவை தோளில் கை வைக்கவில்லை. பிறகு இறங்கிப் போய்விட்டான். அவனுக்கும் வலிக்கும் என்பது ஸ்கேல் சாருக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வலி தன்னால் வந்தது என்பதில் ஒரு கணம் திருப்தி எழுந்தது. அது உடனே வாய்க்குள் கசந்தது.

அடுத்த வருடம் மாப்ளே பயிற்சிக்குப் போனான், கண்காணிப்பாளராகத் திரும்பினான். ஆவண அறையில் இருந்த ஸ்கேல் சாருக்கு அந்த ஃபைல்களோடு சம்பந்தமில்லை. பதவியேற்ற நாளில் எல்லோரும் போய்க் கை கொடுத்தார்கள். இவர் கடைசியாகப் போனார். மாப்ளே கையை நீட்டினான், "வாங்க" என்றான். இருபது வருடத்தில் முதல் தடவையாக மரியாதைப் பன்மை.

திரும்பி ஆவண அறைக்கு வந்து உட்கார்ந்தார். பொறாமை போய்விட்டதா என்று தனக்குள் தடவிப் பார்த்தார். போகவில்லை. ஆனால் இப்போது அது அவன் செய்ததால் வந்ததல்ல, தன்னுடையது என்று தெரிந்திருந்தது. மேஜை மேல் இருந்த ஃபைல் கட்டை அவிழ்த்து, தேதி வாரியாக அடுக்கத் தொடங்கினார்.