ராசம்மாளின் தலையசைப்பும் அம்சத்தின் ஆங்கிலமும்

எங்கள் நெடுவாக்கரைத் தெருவில் முதன்முதலில் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனவள் அம்சம். அப்பன் மருதையன் பண்ணையாள், தாயும் நடவுக்குப் போனவள். மன்னார்குடிக்குச் சைக்கிளில் போய் வந்த முதல் பெண்ணும் அவள்தான் என்பதால், அவள் கடைத்தெருவைக் கடக்கும்போது டீக்கடைப் பேச்சு ஒரு நொடி நின்று போகும். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. மணியை இரண்டு தரம் கூடவே அடித்துவிட்டுப் போவாள்.

தரங்கம்பாடி மிஷன் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவள். ஆங்கிலம் அவளுக்குப் புத்தகத்தில் வந்ததைவிட, இங்கிரிட் என்ற ஸ்வீடன் நாட்டு நர்ஸோடு குப்பங்களுக்குப் போய்வந்ததில்தான் நன்றாக வந்தது. நர்ஸ் பேசுவதை இவள் தமிழில் சொல்வாள், பெண்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வாள். ஒரு தடவை குழந்தைகளுக்கு ஊசி போட வரச் சொல்லி நர்ஸ் ஒரு குப்பம் முழுக்கச் சொன்னார். பெண்கள் அத்தனை பேரும் தலையைத் தோளுக்குத் தோள் சாய்த்து, "சரிங்க, சரிங்க" என்றார்கள். அம்சம் "யெஸ், வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் ஊசிப் பெட்டியோடு காத்திருந்தார்கள். ஒரு குழந்தைகூட வரவில்லை.

நர்ஸுக்குக் கோபம். "வருவதாகச் சொன்னார்களே, ஏன் பொய் சொன்னார்கள்?" என்றார். அம்சம் குப்பத்துக்கு ஓடிப்போய்க் கேட்டாள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தம்மா சொன்னாங்க, கேட்டுக்கிட்டோம். வர்றோம்னு யாரு சொன்னா? ஊட்டுல ஆம்பளைங்கள்ட்ட கேக்க வேணாமா?"

அன்றிலிருந்து வெறும் 'யெஸ்' என்று அம்சம் மொழிபெயர்த்ததில்லை. "யெஸ், நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள், வருவார்களா என்று இன்னும் சொல்லவில்லை" என்பாள். அந்த வாலைச் சேர்க்கப் பழகியதுதான் பின்னால் ஒரு தெருவுக்கே நிலமாக நின்றது.

சென்னையில் திராவிடக் கட்சி ஆட்சி நடந்த காலம். எழுபதுகளின் தொடக்கம். அறுப்புக் கூலிக்காக எங்கள் பக்கத்து வயல்களில் செங்கொடியும் போலீஸ் வேனும் ஒன்றாக நின்ற வருஷங்கள். வெளியூர் ஆளை இறக்கி அறுப்பதும், அதை மறிப்பதுமாக ஊருக்கு ஊர் சண்டை. அப்போதுதான் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்றது சட்டம். சில பண்ணைகள் முந்திக்கொண்டு, 'அவர்கள் ஏற்கெனவே சம்மதித்து இடத்தை விட்டுவிட்டார்கள்' என்று எழுதிக் கொடுத்தன.

சித்தனக்குடியில் அப்படி ஒரு தகராறு. விசாரிக்க வந்தவர் பிந்த்ரா என்ற இளம் அதிகாரி, பஞ்சாப்காரர். தமிழ் இன்னும் அவர் நாக்கில் நடை பழகிக்கொண்டிருந்தது. எங்கள் அம்சம் மன்னார்குடியில் அவருடைய அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மொழிபெயர்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடத்தில் விசாரணை. பண்ணைக்கு வக்கீல் பட்டாபிராமன். பக்கத்தில் பண்ணையின் காரியஸ்தர் ரெத்தினம். எதிரே தெரு சனம் தரையில் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்காகப் பேச எழுந்து நின்றவள் ராசம்மாள், புருஷனை இழந்த நடவுக்காரி. காரியஸ்தர் முதலில் அவளிடம்தான் போய், இடத்தைக் காலி செய்துவிட்டு வாய்க்கால் கரைக்குப் போகச் சொல்லியிருந்தார். பின்னாலேயே தெருவை வளைத்து வேலியும் போட்டிருந்தார்.

அம்சத்தைப் பார்த்ததும் பட்டாபிராமன் எழுந்தார். "இந்தப் பொண்ணு அவங்க சனம். மொழிபெயர்ப்புல ஒரு பக்கம் சாயக்கூடாது இல்லியா சார்?" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"சாய்ந்தால் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கு இரண்டு மொழியும் தெரியுமே" என்றாள் அம்சம், அதே ஆங்கிலத்தில். பிந்த்ரா தொடரச் சொன்னார்.

வக்கீல் ராசம்மாளைப் பார்த்துக் கேட்டார்: "ரெத்தினம் வந்து காலி பண்ணச் சொன்னப்ப, முடியாதுன்னு நீ சொல்லலையே?"

"ஆமாங்க" என்றாள் ராசம்மாள்.

அம்சம் அந்த 'ஆமாங்க'வை எடை போட்டாள். வெறும் 'யெஸ்' என்று சொன்னால், முடியாது என்று சொன்னதாக அதிகாரி எடுத்துக்கொள்ளக்கூடும். நம் பேச்சில் 'இல்லையே' என்று கேட்பவருக்கு 'ஆமாம்' என்றால், நீ கேட்டது சரி, இல்லைதான் என்று பொருள். ஆங்கிலத்தில் அதே இடத்தில் 'யெஸ்' தலைகீழாகப் போய் நிற்கும். தெருவுக்குச் சாதகமாகத்தான் நிற்கும். தன் சனம் முழுக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

"ஆமாம் என்கிறார். அதாவது வக்கீல் கேட்டது சரி, முடியாது என்று அவர் சொல்லவில்லை" என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

பட்டாபிராமன் அவளை ஒரு பார்வை பார்த்தார். தலையை மேலும் கீழுமாக அசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"அவர் சொன்னதுக்குத் தலையாட்டினியா?"

"ஆட்டினேங்க."

பிந்த்ரா பேனாவை எடுத்தார். "சம்மதித்தாள்" என்று முணுமுணுத்தபடியே எழுதினார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் அம்சம். "தலையை ஆட்டியதாகத்தான் சொன்னார். எப்படி ஆட்டினார் என்று கேளுங்கள்."

கேட்டார். அம்சம் தமிழில் சொன்னாள்: "எப்படி ஆட்டுனீங்கன்னு செஞ்சு காட்டுங்கம்மா." வெளியிலிருந்து வந்த யாரும் ராசம்மாளை அதுவரை 'நீங்க' என்று அழைத்ததில்லை. அவள் ஒரு கணம் தடுமாறி, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, தலையை மெல்ல இடமும் வலமுமாகச் சாய்த்தாள். வாய்க்குள்ளேயே, "ம்... சரிங்க" என்றாள்.

"இந்த ஊரில் இதுதான் சம்மதம்" என்றார் வக்கீல்.

"சம்மதமாகவும் இருக்கும் சார்" என்றாள் அம்சம். "வேகமாக, முகம் பார்த்துச் சாய்த்தால் சரி, செய்கிறேன் என்று ஆகும். மெதுவாக, கண்ணைத் தாழ்த்திச் சாய்த்தால், நீங்கள் சொல்வது காதில் விழுந்தது, மேலே சொல்லுங்கள் என்பதோடு நிற்கும். மேலும் கீழும் அசைத்தால் ஆமாம். குறுக்கே திருப்பினாலோ, நாக்கை 'ச்' என்று தட்டினாலோ இல்லை. ஆனால் வேலை கொடுப்பவர் முன்னால் இவர்கள் குறுக்கே திருப்ப மாட்டார்கள். என் சொல்லை வைத்து எழுத வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள்."

பிந்த்ரா யோசித்தார். நாற்காலியைத் திருப்பி ரெத்தினத்தைப் பார்த்தார். ஆங்கிலத்தில் சொன்னார், அம்சம் வரிக்கு வரி தமிழில் சொன்னாள்: "இவங்க சம்மதிக்கலைன்னு விசாரணையில தெரிஞ்சா, மனை எல்லாம் இவங்களுக்கே போயிடும். நீங்க போட்ட வேலியை நீங்களே பிரிச்சு எடுத்துக்கணும். உங்க முதலாளிகிட்ட சொல்லிடுங்க."

பெரிய அதிகாரி முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். ரெத்தினம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்னே குனிந்து, தலையைத் தோளுக்குத் தோள் சாய்த்தபடியே இருந்தார். "ம்... சரிங்க சார். சரிங்க."

"அப்போ இவர் சம்மதித்துவிட்டார், இல்லையா?" என்றார் பிந்த்ரா.

அம்சம் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் அதைத் தமிழில் சொன்னாள்: "மனையை விட்டுக் குடுக்க நீங்க சம்மதிச்சிட்டீங்களான்னு சார் கேக்குறாங்க."

ரெத்தினம் துள்ளிக் குதித்தார். "ஐயையோ! நான் எங்கங்க சம்மதிச்சேன்? சார் சொல்றதைக் கேட்டுக்கிட்டேன்னு தலையாட்டினேன். அவ்வளவுதாங்க!"

தரையில் உட்கார்ந்திருந்த சனம் சிரித்தது. பட்டாபிராமனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிந்த்ரா மட்டும் சிரிக்கவில்லை. எழுதியதைக் கோடு போட்டு அடித்தார்.

"அப்படியானால் அவள் மனசில் இருந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று அம்சத்தைக் கேட்டார்.

"ஆமாம் இல்லை என்று பதில் வருகிற கேள்வியே வேண்டாம் சார். என்ன செய்தார் என்று கேளுங்கள்."

அதுபோலவே கேட்டார். ராசம்மாள் விரல்களை விரித்து, மணிக்கட்டைத் திருப்பினாள். இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி.

"அவரு சொல்லிட்டுப் போனாருங்க. நான் கீத்து வாங்கியாந்து கூரையைப் பிரிச்சு வேய்ஞ்சேன். மழை வருதுல்ல? போறவளா இருந்தா எதுக்குங்க புதுக்கூரை போடுவேன்?"

"அப்போது அவரிடம் ஏன் முடியாது என்று சொல்லவில்லை?"

"முடியாதுன்னு வாயத் தொறந்தா மறுநாள் நடவுக்குக் கூப்புடுவாங்களா? தலையை ஒரு பக்கம் சாய்ச்சா அவங்க போயிடுவாங்க. நான் என் வேலையைப் பாப்பேன்."

அம்சம் ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுதாகச் சொன்னாள். பிந்த்ரா எழுந்து தெருவுக்கே நடந்தார். பக்கத்துக் குடிசைகளெல்லாம் கறுத்துக் கிடக்க, ராசம்மாள் வீட்டுக் கூரை மட்டும் இன்னும் பழுப்பு மாறாமல் இருந்தது. வேறு வீடுகளிலும் விசாரித்தார். ஒருத்தி புதிதாக அடுப்பு போட்டிருந்தாள், ஒருவர் கொல்லையில் முருங்கைக் கொம்பு நட்டிருந்தார். தலை சாய்த்தவர் எல்லாரும் அங்கேயே வேர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனை அத்தனையும் தெருவுக்கே என்று உத்தரவானது. அந்த உத்தரவில் பிந்த்ரா ஒரு வரி சேர்த்திருந்தார்: தலையசைப்பை மட்டும் வைத்து சம்மதம் என்று எழுதக்கூடாது, எதற்குச் சம்மதம் என்பதை அவரவர் வாயால் முழு வாக்கியமாகச் சொல்லவைத்து எழுத வேண்டும்.

சேதி நெடுவாக்கரைக்கு அம்சத்துக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. வக்கீல் கேட்ட முதல் கேள்விக்கு அவள் உள்ளதை உள்ளபடி சொன்னதும் சேர்ந்தே வந்தது. தெருவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம சனத்துக்கு எதிராவா சொல்லுவே?" என்று பக்கத்து வீட்டுக் காத்தான் நேராகவே கேட்டார்.

"அதை மறைச்சிருந்தா, அடுத்ததை அவங்க நம்பியிருக்க மாட்டாங்க மாமா" என்றாள் அம்சம். "வக்கீலுக்கு இங்கிலீஷு தெரியும். நான் எப்போ சறுக்குவேன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு."

மருதையன் எழுந்து வந்தார். மகள் சைக்கிளை வாங்கி, சேறு படிந்த சக்கரத்தை வாய்க்காலில் இறக்கித் தானே கழுவினார். ஊர் பார்க்கவே கழுவினார்.

அடுத்த சம்பா அறுப்புக்கு முன்னால் மன்னார்குடியில் கூலிப் பேச்சு வைத்தார்கள். ஒரு பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கம், மறுபக்கம் மிராசுதார்கள், நடுவில் பிந்த்ரா. மொழிபெயர்க்க யாரை வைப்பது என்ற பேச்சு வந்தது. சங்கத்தார் வாயைத் திறப்பதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து பட்டாபிராமன் சொன்னார்: "அந்தப் பொண்ணையே கூப்பிடுங்கோ. எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அவ சொன்னா சொன்னதுதான்."

அம்சம் வந்தாள். இரு பக்கத்துக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யார் தலையைச் சாய்த்தாலும் விடவில்லை. "எதுக்குச் சரின்னு சொல்றீங்க? வாயால சொல்லுங்க" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். மிராசுதார்களும் சொன்னார்கள், எங்கள் சனமும் சொன்னது. முதல்முறையாக அந்த வருஷம் எங்கள் வயல்களில் போலீஸ் வேன் இல்லாமல் அறுப்பு நடந்தது.