படத்தில் இருந்த இரத்தச் சொட்டு

காலை பத்து இருபது. முதலில் கண்ணில் பட்டது 5.8 என்ற எண். கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு பெண் கையை நீட்டியிருந்தார். அவர் மணிக்கட்டில் இருந்த புதிய கருப்புக் கடிகாரத்தில், சிவப்புச் சொட்டு ஒன்றின் பக்கத்தில் அந்த எண் ஒளிர்ந்தது.

"கடிகாரம் நல்லாத்தான் இருக்கு பாய். எங்க வீட்டுக்காரர் போன்லதான் ஏற மாட்டேங்குது," என்றார்.

ஈப்போ, சிலிபினில் உள்ள அந்தக் கைப்பேசிக் கடையின் பின்மேசையில் நான் வாரத்தில் சில நாள் உட்கார்கிறேன். பத்திரிகையில் செய்தி திருத்தும் வேலையை விட்டபின் கிடைத்த வேலை. கடை இணையத்தில் விற்கும் ஸ்மார்ட் வாட்சுகளுக்கும் ஃபிட்னஸ் பேண்டுகளுக்கும் விவரம் எழுதுவேன். எந்தப் போனோடு சேரும், எதோடு சேராது, எதை அளக்கும், எதை அளப்பதாகச் சொல்லிக்கொள்ளும் என்பதை எல்லாம் பிரித்து எழுத வேண்டும். கடைக்காரர் தமிழ் முஸ்லிம். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். அவருக்கு நான் அண்ணே.

பாய் போனை வாங்கிப் பார்த்தார். "அக்கா, இது ரொம்பப் பழசுலா. ஆண்ட்ராய்டு ஆறு. இந்த வாட்ச்சோட ஆப்புக்கு எட்டாவது வேணும்."

"அதெல்லாம் எங்க போட்டிருந்துச்சு?"

"முதல் வரியிலேயே போட்டிருக்கே."

"வரியெல்லாம் யார் படிச்சா? படத்தைப் பார்த்தேன், அமுக்கினேன். கமுந்திங் ஃபேக்டரியில பிரேக் நேரத்துல வாங்கினது."

படம் என்ற சொல்லைக் கேட்டு நான் எழுந்து வந்தேன். என் கணினியில் அந்தப் பொருளின் பக்கத்தைத் திறந்தேன். நான் எழுதியது அப்படியே இருந்தது. உற்பத்தியாளர் அனுப்பிய விவரத்தில் 'இரத்தச் சர்க்கரை' என்று இருந்ததை நீக்கியிருந்தேன். மருத்துவக் கருவி அல்ல, நோயைக் கண்டறியவோ மருந்தளவை முடிவுசெய்யவோ பயன்படுத்தக் கூடாது என்றும் சேர்த்திருந்தேன். ஆனால் அதற்கு மேலே, முதல் படத்தில், ஒரு விரல். அதன் நுனியில் ஊசி. ஊசிமேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு சொட்டு இரத்தமும் ஓர் எண்ணும்.

எங்கள் வேலை அப்படிப் பிரிந்திருந்தது. எழுத்து என்னுடையது. படங்களை மொத்த வியாபாரி அனுப்பும் கோப்பிலிருந்து பாய் ஏற்றுவார். படத்துக்குள்ளேயே அச்சாகிவிட்ட எழுத்தை இருவரும் எழுத்தாகக் கருதவில்லை.

"யாருக்கு அக்கா சுகர்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரருக்குத்தான். சாப்பாட்டுக்கு முன்ன விரலைக் குத்திப் பார்த்து, அந்த நம்பருக்கு ஏத்த மாதிரி இன்சுலின் போடணும். ஏழுக்குள்ள இருந்தா சரி, பத்தைத் தாண்டினா ஊசியைக் கூட்டணும்னு கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி எழுதிக் கொடுத்திருக்கு. குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போச்சு. இனிமே இதைப் பார்த்தே போட்டுக்கலாம்னுதான் வாங்கினேன்."

கோலா கங்சார் பக்கம், ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தில் அவர்கள் வீடு. கணவர் பகலில் தனியாக இருப்பவர். கடிகாரம் குறைவாகக் காட்டினால் ஊசியையும் குறைத்துப் போட்டிருப்பார். மருந்து தேவைப்படும் நேரத்தில் யாரும் பக்கத்தில் இருந்திருக்க மாட்டார்கள். வாங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

பாய் அந்தப் பக்கத்தை என் தோளுக்கு மேலே பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கினார். காலையில் பசியாற வாங்கி வைத்திருந்த வாழைப்பழம் ஒன்றை எடுத்து, அதில் பட்டையைச் சுற்றி இறுக்கி, திரையைத் தொட்டார். பச்சை விளக்கு மினுக்கியது. மூவரும் குனிந்து பார்த்தோம்.

5.6.

"பழத்துக்கு சுகர் இருக்கத்தானே செய்யும் பாய்?" என்றார் அந்தப் பெண்.

பாய் சிரிக்கவில்லை. பழத்தை வைத்துவிட்டு, தண்ணீர் போத்தலில் சுற்றினார். அதற்கும் ஓர் எண் வந்தது. "வெறும் தண்ணிதான் அக்கா. இதுக்கு ரத்தமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நம்பர் மட்டும் போடும்."

அந்தப் பெண் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அண்ணன் இதைப் பார்த்து ஊசி போட்டாரா?" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"எங்க போட்டாரு? கையிலயே கட்டலையே. போன்ல ஏறாத சாமான் எனக்கு எதுக்கு, நீயே கட்டிக்கோன்னுட்டாரு. பிடிவாதம். ரெண்டு நாளா அதுக்குத்தான் சண்டை."

பாய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "அந்தப் பிடிவாதம் நல்லா இருக்கட்டும் அக்கா. இன்னிக்குப் போயி சண்டையை முடிச்சிடுங்க."

"நான் தோத்துட்டேன்னு சொல்லணுமா?"

"கடைக்காரன் தோத்துட்டான்னு சொல்லுங்க."

அப்போதுதான் அந்தப் பெண் மறுபடி சிரித்தார்.

கடிகாரத்தைப் பாய் திரும்ப எடுத்துக்கொண்டார். அதற்குப் பதில் ஏதாவது வேண்டுமா என்று கேட்டபோது, வீட்டுக்காரர் காலையில் நடக்கிறார், அதைக் காட்டினால் போதும் என்றார் அந்தப் பெண். திரையுள்ள சாதாரண பேண்டு ஒன்று இருந்தது. அதன் ஆப்பும் அந்தப் போனில் ஏறாது. ஆனால் அந்தப் பெண்ணின் சொந்தப் போனில் இணைத்து ஒருமுறை நேரத்தைச் சரிசெய்துவிட்டால், அதன்பின் மணியும் அடிகளும் பேண்டிலேயே தெரியும். இந்த முறை நான் ஒவ்வொன்றையும் வாயால் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் குலுங்கினால் நடக்காத அடியும் ஏறும். கைவண்டியைப் பிடித்துத் தள்ளினால் நடந்த அடியும் விட்டுப்போகும். நாடித்துடிப்பு, அசையாமல் இருக்கும்போது ஓரளவு ஒத்துவரும். பட்டை தளர்ந்தால் தவறும். தூக்கம் ஒரு கணிப்பு.

"சுகர்?" என்றார் அவர், வேண்டுமென்றே.

"விரல்தான் அக்கா."

அந்தப் பெண் போனபின்னும் பாய் அந்தக் கடிகாரத்தின் பக்கத்தை மூடச் சொல்லவில்லை. "அந்தப் படம்தான் அண்ணே விக்குது. பக்கத்துக் கடைக்காரன் எல்லாரும் அதேதான் போட்டிருக்கான்," என்றார்.

"பத்திரிகையில படம் ஒண்ணும் செய்தி வேறொண்ணும் சொன்னா, வாசகர் படத்தைத்தான் நம்புவார் பாய்."

"இப்ப பார்த்தேனே," என்றார். வாழைப்பழத்தின் தோலை உரித்தார். பிறகு அந்தக் கடிகாரத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். "தண்ணி போத்தலுக்கு நம்பர் போடுற சாமானை எப்படி எழுதினாலும் சூசாதான், தொந்தரவுதான்."

மற்ற கடிகாரங்களின் படங்களையும் அன்றே பார்த்தோம். காற்றடைக்கும் கைப்பட்டி இல்லாமலே இரத்த அழுத்தம் காட்டுவதாகச் சொன்ன படங்கள் போயின. 'எல்லாப் போனுக்கும்' என்ற எழுத்துள்ள படமும் போனது. அந்த இடத்தில் நான் எழுதிய வரி: "ஆண்ட்ராய்டு எட்டு அல்லது அதற்கு மேல். உங்கள் போனின் அமைப்புகளில் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஐபோனோடு சேரும்; ஆனால் கடிகாரத்திலிருந்து செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது." பாய் அதை மஞ்சள் பின்னணியில் படமாக்கி முதலில் வைத்தார். பார்க்க அழகாக இல்லை. எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு, அதே கடிகாரத்தை வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகச் செய்தி அனுப்பினோம்: சர்க்கரை எண்ணை நம்ப வேண்டாம், பொருளைத் திருப்பித் தரலாம். பதில்கள் வரவரப் பாய் சத்தமாகப் படித்தார். ஒருவர் மணி பார்க்க மட்டும் வைத்திருக்கிறார். ஒருவருடைய மகள் கழற்றி எங்கோ போட்டுவிட்டாள். ஒருவர், "எனக்கு சுகரே இல்லையே பாய், எதுக்குப் பயமுறுத்துறீங்க?" என்று கேட்டிருந்தார். கடைசிப் பதிலும் வந்தபோது பாய் தேநீர் சொன்னார்.

தேநீர் வருவதற்குள் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு படம் வந்தது. வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு முன் விரலைக் குத்திப் பார்த்த மீட்டர். அதில் 14.2 என்று இருந்தது.