காலை ஆறு மணி ஓடிபி

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒருவரிடம் கணினி வேலை பார்த்தேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு டீசல் குடித்தது என்று காட்டும் இணையதளத்துக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. பயந்துபோய் அதில் ஓடிபியையும் சேர்த்தேன். அது முதலாளியின் போனுக்குப் போகும்.

மூன்றாம் நாள் அவர் வெளிமாநிலத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க, தெனமும் காலைல சரியா ஆறு மணிக்கு ஓடிபி வருதுங்க. அந்நேரத்துல யாருங்க உள்ள போறது?"

அலுவலகம் திறப்பதே ஒன்பதரைக்கு. பாஸ்வேர்டு சரியாக இருந்தால்தான் ஓடிபி கிளம்பும். அப்படியானால் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கிறது. அப்போதே மாற்றினேன். மறுநாள் ஓடிபி வரவில்லை. ஆனால் தளத்தின் பதிவேட்டில், ஆறு மணிக்குத் தவறான பாஸ்வேர்டுடன் ஒரு முயற்சி. முயன்ற இடம் எங்கள் அலுவலகத்து இணைப்பேதான்!

அடுத்த நாள், அலுவலகச் சாவி வைத்திருந்த, உடன் வேலை பார்க்கும் அக்காவுடன் ஐந்தே முக்காலுக்குப் போய் உட்கார்ந்தேன். டீசல் பட்டியலைப் பார்ப்பது அவர் வேலை. ஆறு அடித்ததும், எப்போதும் அணைக்காத மூலைக் கணினியில் தானாக ஒரு திரை திறந்து, எழுத்துகள் விழுந்தன.

"அய்யோ சாமி, பேயாட்டம் எழுதுதுங்க!"

பேயல்ல. எனக்கு முன் இருந்தவர் எழுதிவைத்த நிரல். தினமும் உள்ளே போய் டீசல் பட்டியலை எடுத்து அக்காவின் ஷீட்டில் போடும். ஓடிபி வைத்ததும் வாசலிலேயே நின்றுவிட்டது.

"அதானுங்களா பட்டியல் வரல? நெட்டு சரியில்லீன்னு நெனச்சனுங்க."

போனில் விஷயத்தைக் கேட்ட முதலாளி, "அதுக்கும் ஓடிபிய அனுப்பிவுடலாமுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்புறம் பூட்டு எதற்கு? தளத்திலேயே நிரலுக்கென்று தனிச் சாவி உண்டு, நீளமான ஒரு குறியீடு. பட்டியலை மட்டும் பார்க்கும், வேண்டாதபோது ரத்து செய்யலாம். பழைய பாஸ்வேர்டை நிரலிலிருந்து அழித்துவிட்டு அதை வைத்தேன். ஆட்களுக்கு அவரவர் பெயரில் தனித்தனிக் கணக்கு, தனித்தனி ஓடிபி.

கம்பெனி மெயிலுக்கு மட்டும் அப்படிப் பிரிக்க வழியில்லை. அதன் ஓடிபியைப் போனிலேயே காட்டும் ஆப்பை இறக்கி, ஒரே க்யூஆரை அக்காவும் நானும் எங்கள் போன்களில் ஸ்கேன் செய்துகொண்டோம். இரண்டு போனும் தொலைந்தாலும் உள்ளே போக உதவும் மாற்றுக் குறியெண்களை அச்சிட்டு இரும்பு லாக்கரில் வைத்தோம்.

இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்கம் ஓடுவதைப் பார்த்து அக்கா, "போனுக்குப் போன் பேசிக்குதுங்களா?" என்றார்.

"இல்லீங்கக்கா. ரெண்டுலயும் க்யூஆர்ல வந்த ஒரே ரகசியம் இருக்குது. மணியப் பாத்துக் கணக்குப் போட்டுக்குது."

அவர் நம்பவில்லை. தன் போனில் நெட்டை அணைத்தார், சிம்மையும் கழற்றினார். அரை நிமிடத்தில் எண் மாறியது. என் போனை இழுத்து அதன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் படித்தார். இரண்டிலும் அதே ஆறு இலக்கம்.