வெட்டி எறிந்த ஓரங்கள்

சண்டை நின்று பாதை திறந்திருந்த வருடங்களில் நாங்கள் கிளிநொச்சியில் இருந்தோம். நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி தாவரவியல் படிப்பித்தவள். நீரிழிவு அவளுடைய பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. கணினித் திரையில் வெள்ளைத் தாளும் கறுத்த எழுத்தும் தெளிவாகப் பிரிந்து, எழுத்துப் பெரிதாகவும் இருந்தால் மட்டும் அவளால் வாசிக்க முடியும்.

அவள் வாசிக்க ஆசைப்பட்டது ஒரு பழைய செடிகொடிப் புத்தகத்தை. எங்கள் கலியாணத்துக்கு முன் அவளோடு படிப்பித்த ஒருவர் கொடுத்தது. அவர் இறந்து கனகாலம். பக்க ஓரங்களில் அவர் பென்சிலால் கேள்வி எழுதியிருப்பார், கீழே இவள் பதில் எழுதியிருப்பாள். கண்டாவளையில் இதைக் கண்டீரா என்று அவர். மாரி முடியப் போய்ப் பாரும் என்று இவள். இவ்வளவுதான். காதல் கடிதமாக இருந்திருந்தால் கோபப்பட்டு ஆறியிருப்பேன். இரண்டு பேர் ஒரு செடியைப் பற்றி இவ்வளவு உற்சாகமாகக் கதைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை எரித்தது. என்னோடு அவள் அரிசியையும் மருந்தையும் பற்றித்தான் கதைப்பாள்.

வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் ஒரு டிஜிற்றல் கமராவையும் பழைய கணினியையும் விட்டுப்போனான். பக்கங்களைப் படம் பிடிக்கும் விதத்தை நகரத்தில் கணினி வகுப்பு நடத்திய தம்பி ஒருவரிடம் கேட்டேன். வழுவழுப்பான தாளில் பிளாஷ் அடித்தால் வெள்ளைத் திட்டு விழும் என்றார். யன்னலோரம், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், கமராவைத் தாளுக்கு நேர் மேலே பிடிக்கச் சொன்னார். நடுத்தையல் பக்கம் தாள் வளைந்தால் வரிகளும் வளையும். அதைப் பிறகு கணினியில் முழுதாக நிமிர்த்த முடியாது, எடுக்கும்போதே தாளை அழுத்திப் பிடிக்கவேண்டும். சரிந்த படத்தைச் சுழற்றி நேராக்கி, வேண்டாத பகுதியை வெட்டி, வெளிச்சத்தையும் கறுப்பு வெள்ளை வித்தியாசத்தையும் கூட்டவேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்.

“சேர், முதல் எடுத்த படத்துக்கு மேலயே சேவ் பண்ணாதேங்கோ. வேற பேரில வையுங்கோ. வெட்டினது திரும்பி வராது.”

ஓம் என்றேன்.

பல நாட்கள் குசினி யன்னலோரம் படம் பிடித்தேன். பிறகு கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக நேராக்கினேன். வெட்டும் சட்டத்தை அச்சு எழுத்தின் விளிம்பு வரை இழுத்தேன். எங்காவது பென்சில் அச்சோடு ஒட்டிக்கிடந்தால், மங்கிய கோடுகள் தாளோடு தாளாக வெளுத்துப்போகும் வரை வெளிச்சத்தைக் கூட்டினேன். அச்சு மட்டும் கரிபோல நின்றது. பழைய படத்தின் மேலேயே சேமித்தேன். செத்துப்போன அவருடைய மேசையைத் துடைத்து வெறுமையாக்குவதுபோல ஒரு திருப்தி இருந்தது.

மனைவி திரைக்குக் கிட்ட முகத்தை வைத்து வாசித்தாள். நல்ல வடிவாத் தெரியுது என்றாள். பிறகு விரலை வரி முடியும் இடத்துக்குக் கொண்டுபோனாள்.

“ஓரத்தில ஒண்டும் இல்லையே?”

“பென்சில் படத்தில விழேல்ல. எடுக்கேக்க வெளிச்சம் போதேல்ல.”

அவள் அடுத்த பக்கத்தைக் கேட்கவில்லை.

சண்டை திரும்ப வந்து நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது புத்தகம் அலுமாரியில் கிடந்தது. படங்களைப் பதிந்து மருந்துப் பையில் வைத்த சீடி மட்டும் கூட வந்தது. எல்லாம் முடிந்து நெளுக்குளத்தில் ஒரு உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த கணினியில் அதைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் நான் செய்த வேலை சுத்தமாக இருந்தது. அன்று பின்னேரம் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன்.

“தெரியும்,” என்றாள். “அச்சு அவ்வளவு கறுப்பா விழுந்த வெளிச்சத்தில பென்சில் மட்டும் எப்பிடி விழாமல் போகும்? குருடிதான், மடைச்சி இல்லை.”

பிறகு, வெட்டாத ஓரம் ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டாள்.

ஒன்று மிஞ்சியிருந்தது. வண்ணப் படம் உள்ள வழுவழுப்பான பக்கம். முதல் நாள் மறதியாய்ப் பிளாஷ் அடித்ததில் பாதிப் பக்கம் வெள்ளையாகிவிட்டது. பழுதென்று தொடாமல் விட்டிருந்தேன். வெளுத்த பாதியை எதுவும் மீட்காது. மற்றப் பாதியில் ஓரம் முழுதாக இருந்தது. இம்முறை எதையும் வெட்டவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து, வித்தியாசத்தை மெல்ல மெல்லக் கூட்டினேன். பென்சில் சாம்பலாக மேலே வந்தது. அவளுடைய கண்ணுக்கு அது போதவில்லை.

“வாசியுங்கோ.”

முதலில் அவருடைய எழுத்து: “பளைப் பக்கம் இது பூக்குமா?” கீழே அவளுடையது: “பூக்கும். வாரும், காட்டுகிறேன்.”

கேள்வியை வாசித்துவிட்டேன். பதிலுக்கு வந்தபோது நிறுத்தினேன். செத்துப்போன மனிதர், எரிந்தோ நனைந்தோ போன புத்தகம். ஆனாலும் ‘வாரும்’ என்று அவள் அவரைக் கூப்பிட்டதை என் வாயால் சொல்ல மனம் வரவில்லை. மனைவி திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். நான் வாசித்தேன்.