குட்டை ஸ்க்ரூ

தேனியில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த காலத்தில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். மருந்துக்கடைக்கு மேலே, மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஊரில் அந்த வேலை தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தோம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நான் திறந்து மூடிய மெஷின் ஒவ்வொன்றிலும் ஸ்க்ரூ தலையில் என் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை ஒரு பொட்டு வைப்பேன். வேறு எவனாவது உள்ளே கை வைத்தால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பழியை என் தலையில் கட்ட ஒருத்தனாலும் முடியாது என்று மார் தட்டிக்கொண்டிருந்தேன்.

இது 2009 வாக்கில் நடந்தது. கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர் ஒருவர் காலையிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள், மூன்றாம் வருடம். அவளுடைய லேப்டாப்பை எட்டு மாதத்துக்கு முன்பு என்னிடம்தான் ஃபேன் சுத்தம் செய்யக் கொண்டுவந்தார்கள். இப்போது அதன் டிஸ்ப்ளே ஆடிக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளேயைத் தாங்கும் கீல் இருக்கிறதே, ஹிஞ்ச், அதன் வலதுபக்கத்தில் பிளாஸ்டிக் வாய் பிளந்து நின்றது.

"தம்பி, இதச் சரி பண்ணுறது அப்பறம்" என்றார் அவர். "கீழ விழுந்துச்சா, விழுகலையான்னு மட்டும் சொல்லுங்க. இவ போடவே இல்லைங்கிறா. பஸ்ஸுல வரயில போட்டு ஒடச்சிருக்கா. ஒடச்சதுகூடப் போகுது. பொய் சொல்ற பிள்ளைய வெளியூருல விட்டு நான் எப்பிடிப் படிக்கவைக்கிறது?"

ஒன்பது நாளாக அவளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. திங்கட்கிழமை செமஸ்டர் பரீட்சை தொடங்குகிறது. அன்றைக்கு வெள்ளி. நான் சொல்லப்போகிற பதிலை வைத்துத்தான் அவள் போவதும் போகாததும். அவர் சுற்றி வளைக்காமல் அதையும் சொல்லிவிட்டார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து துப்பட்டா நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. மண்டிக்காரர் நீதி கேட்டு என்னிடம் வந்திருக்கிறார் அல்லவா?

அவர் டிஸ்ப்ளேயை அழுத்தி மூடப் போனார். தடுத்தேன். ஹிஞ்ச் விட்ட மெஷினை மூடித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் விரிசல் இன்னும் கொஞ்சம் ஓடும். பாதி திறந்த நிலையிலேயே வைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றினேன். முதலில் நாலு மூலையையும் விளக்கடியில் பார்த்தேன். கீழே விழுந்த மெஷினில் ஏதாவது ஒரு மூலை நசுங்கியிருக்கும், இல்லை சிராய்த்தாவது இருக்கும். இதில் நாலும் பளிச்சென்று இருந்தன. விரிசலுக்குள் பார்த்தால் தூசி படிந்து கறுத்திருந்தது. போன வாரம் உடைந்த இடத்தில் அவ்வளவு தூசி சேராது. விழவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வித்தை காட்டும் ஆசையில் முழுக்கத் திறந்து பார்ப்போம் என்றேன்.

அடிப்பக்க ஸ்க்ரூக்களில் என் சிவப்புப் பொட்டு ஒன்றுகூட உடையவில்லை. "எனக்கப்புறம் யாரும் தொடல" என்று ஜம்பமாகச் சொன்னேன்.

கீபோர்டையும் அதைச் சுற்றியிருக்கும் மேல்மூடியையும் எடுத்தேன். வலதுபக்கம் ஹிஞ்சின் இரும்புத் தகட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் குமிழ்கள் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. உள்ளே இருக்க வேண்டிய பித்தளை மரைகள் ஸ்க்ரூவைப் பிடித்தபடியே தொங்கின. இப்படி ஆவது அடிபட்டு அல்ல, பாரம் தாங்காமல். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு பாரம் எப்படி வந்தது என்று இடதுபக்கம் பார்த்தேன்.

இடதுபக்கத் தகடு ஆடியது. ஸ்க்ரூக்கள் இருந்தன, பொட்டும் இருந்தது. ஒன்றைச் சுற்றினேன். இரண்டு சுற்றில் கையோடு வந்துவிட்டது. குட்டை ஸ்க்ரூ. ஹிஞ்சுக்கு வேண்டியது அதைப்போல இரண்டு மடங்கு நீளம். தகட்டின் கனமே பாதி நீளத்தைத் தின்றுவிட, மரைக்குள் இரண்டு சுற்றுதான் பிடித்திருக்கிறது. ஆடி ஆடி அந்தப் பிடியும் விட்டு, டிஸ்ப்ளேயின் பாரம் மொத்தமும் வலதுபக்கம் இறங்கியிருக்கிறது.

என் கை அப்படியே நின்றுவிட்டது. எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் ஞாபகத்துக்கு வந்தது. கரண்ட் போகிற நேரம் ஆகிவிட்டது, அதற்குள் மாட்டிவிட வேண்டும் என்ற அவசரம். இடம் வாரியாகப் பிரித்து வைக்காமல் எல்லா ஸ்க்ரூவையும் ஒரே எவர்சில்வர் மூடியில் கொட்டி, கைக்கு வந்ததைப் போட்டு முடுக்கினேன். அந்த லட்சணத்தில் அதன்மேல் சிவப்புப் பொட்டு வேறு.

அப்படியானால் நீள ஸ்க்ரூ எங்கே போயிற்று? கழற்றி வைத்த மேல்மூடியைத் தடவினேன். உள்ளங்கை வைக்கும் இடத்தில் பருப்பு அளவுக்கு ஒரு புடைப்பு.

"அண்ணே, அந்தப் புடைப்பு வாங்கயில இல்ல" என்றாள் அந்தப் பெண். அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "சர்வீஸுக்கு அப்பறம் வந்துச்சு. சூட்டுல அப்பிடி ஆயிருக்கும்னு விட்டுட்டேன்."

குட்டை போட வேண்டிய இடத்தில் நீளத்தைப் போட்டு, அது மேல்மூடியை உள்ளிருந்து குத்தி நின்றிருக்கிறது.

அவரிடம் மெள்ளச் சொன்னேன். "அண்ணே, இது விழுகல. தானா விட்டுருக்கு. சில மெஷினு அப்பிடித்தான்."

கோழைத்தனம்தான். எனக்குத் தெரியும்.

"தானா எப்பிடித் தம்பி ஒடையும்?" என்றார் அவர். "பொம்பளப் பிள்ளைன்னு எரக்கப்பட்டுச் சொல்லாதீக." மகளைப் பார்த்துத் திரும்பினார். "ஏத்தா, இன்னமும் கேக்குறேன். அம்மா படத்துக்கு முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுனியே. அதுவும் பொய்தான?"

தாயில்லாத பிள்ளை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் அழவில்லை. என் கையிலிருந்த ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த நீளத்தையும் கையிலிருந்த குட்டையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"நான்தான் ஒடச்சேன்" என்றேன். "உங்க மக இல்ல. எட்டு மாசத்துக்கு முன்னால மாத்திப் போட்டது நான். இந்தாங்க, பொட்டும் என்னதுதான்."

விவரமாகச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி அந்த இரண்டு ஸ்க்ரூவையும் வெகுநேரம் பார்த்தார். எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்.

அந்தப் பெண்தான், "இப்ப என்ன பண்ணணும்ணே?" என்று கேட்டாள். டிஸ்ப்ளே வயர் போகும் வழியைக் காட்டினேன். ஆடிய தகடு உரசி உரசி வயரின் மேலுறை நைந்திருந்தது. இன்னும் சில நாள் போனால் படமே வராது. வயரைக் கழற்றி ஒதுக்கினேன். அடிப்பாகத்தை மதுரையிலிருந்து என் செலவில் வரவழைத்து மாற்றித் தருகிறேன், அதுவரை மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்றேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அவளுடைய பாடக் குறிப்புகளை என் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் வந்தார். மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "கோயம்புத்தூர் வண்டி நாலு மணிக்கு இருக்காம். வீட்டுக்குப் போயித் துணிமணிய எடுத்துட்டுக் கெளம்பு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"போறேம்ப்பா" என்றாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒடச்சவரு சொன்னதும் நம்பிட்டீக. அம்மா மேல நான் சத்தியம் பண்ணுனத ஒம்பது நாளா ஏம்ப்பா நம்பல?"

அவர் மேசைமேல் கிடந்த குட்டை ஸ்க்ரூவை எடுத்து விரலில் உருட்டினார். அவள் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு தனியாகப் படியிறங்கினாள்.